குர்ஆன் எழுத்து வடிவம் பெற்ற கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிவாசல் வகுப்பிலும் வெளியிலும் பல வருடங்களாக இதே சந்தேகங்களைக் கேட்டு வருகிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். நபி (ஸல்), தோழர்கள் (ரலி) என்ற வாழ்த்துச் சொற்களை இங்கே ஒருமுறை எழுதிவிடுகிறேன். கீழே ஒவ்வொரு பெயருக்கும் அவற்றைச் சேர்த்தே வாசித்துக்கொள்ளுங்கள்.

நபி இருக்கும்போதே குர்ஆன் ஒரு புத்தகமா இருந்துச்சா, இல்லையா?

எழுத்தில் இருந்தது, ஒரே கட்டாக இல்லை. வசனங்கள் சுமார் 23 வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. புதிதாக இறங்கும் வசனம் எங்கோ நடுவில் இருக்கிற அத்தியாயத்தில் போய்ச் சேரலாம். வஹீ, அதாவது இறைச்செய்தி, நிற்காதவரை அட்டை போட்டுக் கட்டுவதற்கு இடமே இல்லை.

எழுதியவை பேரீச்ச மட்டைகள், தட்டையான வெள்ளைக் கற்கள், ஒட்டகத்தின் தோள்பட்டை எலும்புகள், தோல் துண்டுகள் என்று பலர் வீட்டில் சிதறிக் கிடந்தன. முக்கியமான சேமிப்பு மனப்பாடம்தான். தொழுகையில் ஓதுவது, ஒருவர் ஓத மற்றவர் திருத்துவது என்று தினசரி புழக்கத்தில் இருந்த உரை அது. எழுத்து அதற்குத் துணை. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதி சந்தேகங்கள் தானாகவே தெளியும்.

அப்புறம் யாரு, எதுக்காகத் தொகுக்க ஆரம்பிச்சாங்க?

நபி கி.பி. 632-ல் மறைந்தார். அடுத்த சில மாதங்களில், தன்னையும் நபி என்று சொல்லிக்கொண்ட முஸைலிமாவை எதிர்த்து யமாமாவில் கடும் போர் நடந்தது. குர்ஆனை மனனம் செய்திருந்த பலர் அதில் கொல்லப்பட்டார்கள். குர்ஆனை யாரிடம் கற்க வேண்டும் என்று நபி பெயர் சொன்ன நால்வரில் ஒருவரான ஸாலிமும் அங்கேதான் விழுந்தார். இன்னும் இரண்டு போர்கள் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் உமர், கலீஃபா அபூபக்கரிடம் போய்த் தொகுக்கச் சொன்னார்.

அபூபக்கர் உடனே சம்மதிக்கவில்லை. “இறைத்தூதர் செய்யாத ஒன்றை நான் எப்படிச் செய்வது?” என்று தயங்கினார். உமர் விடாமல் வற்புறுத்திய பிறகுதான் ஜைத் பின் ஸாபித்தைக் கூப்பிட்டு வேலையை ஒப்படைத்தார். ஜைதும் அதே கேள்வியைக் கேட்டார். ஒரு மலையை இடம் மாற்றச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பாரமாக இருந்திருக்காது என்று அவர் சொன்னது புகாரீ ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. இந்தத் தயக்கத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். தொட்டால் தப்பாகிவிடுமோ என்று பயந்தவர்களின் கையில்தான் இந்த வேலை போய்ச் சேர்ந்தது.

மூத்த சஹாபாக்கள் இருக்கும்போது ஜைத் மாதிரி ஒரு இளைஞரை ஏன் போட்டாங்க?

ஜைதுக்கு அப்போது இருபதைத் தாண்டி ஓரிரு வயதுதான். அபூபக்கர் சொன்ன காரணங்கள் நேரடியானவை: நீ இளைஞன், புத்திசாலி, உன்மேல் எங்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, நபிக்கு வஹீ எழுதிக் கொடுத்தவன். ஊர் ஊராக, வீடு வீடாகத் தேடி, மட்டையையும் எலும்பையும் ஒப்பிட்டுப் பார்க்கிற வேலைக்கு உடல் தெம்பும் எழுத்துப் பழக்கமும் வேண்டும். மதீனாவிலேயே இருந்தவர் என்பதும் உதவியது.

மனப்பாடமாகத் தெரிந்ததை அவர் அப்படியே எழுதிவிடவில்லை. எழுத்துச் சான்று கேட்டார். பள்ளிவாசல் வாசலில் உட்கார்ந்து, இரண்டு சாட்சிகளோடு கொண்டு வந்ததை மட்டும் எழுதும்படி அவருக்கும் உமருக்கும் உத்தரவு இருந்ததாக ஓர் அறிவிப்பு சொல்கிறது.

ஒரு வசனம் ஒரே ஒருத்தர்கிட்டதான் கிடைச்சதாமே? அப்போ அதை எப்படி நம்புறது?

அவரிடம் மட்டும் கிடைத்தது எழுத்துப் பிரதி. வசனம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு சம்பவங்களைப் பலரும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். அபூபக்கர் காலத்தில் ஒன்பதாவது அத்தியாயத்தின் கடைசி இரண்டு வசனங்கள் அபூ குஸைமாவிடம் கிடைத்தன. மூன்றாம் கலீஃபா உஸ்மான் காலத்தில் 33-வது அத்தியாயத்தின் 23-வது வசனம் குஸைமா பின் ஸாபித்திடம் கிடைத்தது.

இரண்டாவது சம்பவத்தில் ஜைத் சொன்ன வார்த்தையைக் கவனியுங்கள். நபி ஓதக் கேட்டிருந்த ஒரு வசனத்தைக் காணோம், அதைத் தேடினோம் என்கிறார். வசனமே தெரியாமல் இருந்தால் அது விடுபட்டிருப்பது எப்படித் தெரியும்? நினைவில் இருப்பதற்கு எழுத்து வேண்டும், எழுத்தில் இருப்பதற்கு நினைவு வேண்டும் என்று இரண்டு பூட்டுப் போட்டு வேலை செய்தார்கள். ஒரு சாவி எளிதில் கிடைக்காத இடங்களைத்தான் ஜைத் மறைக்காமல் சொல்லி வைத்திருக்கிறார்.

அபூபக்கரே தொகுத்துட்டார்னா உஸ்மான் மறுபடியும் எதுக்குத் தொகுக்கணும்?

அபூபக்கர் காலத்து ஏடுகள் ஊருக்கு வெளியிடப்படவில்லை. அவரிடம் இருந்து உமருக்கும், உமர் கொல்லப்பட்ட பிறகு அவர் மகள் ஹஃப்ஸாவுக்கும் போயின. அழியாமல் காப்பது அதன் நோக்கம். எல்லோரையும் ஒரே பிரதிக்குக் கொண்டுவருவது அப்போது யாருடைய திட்டத்திலும் இல்லை.

இதற்கிடையில் ஆட்சி ஈராக், சிரியா, எகிப்து என்று பரவிவிட்டது. ஒவ்வொரு நகரத்திலும் ஒரு தோழர் உட்கார்ந்து தாம் கற்றபடி கற்றுக் கொடுத்தார். கூஃபாவில் இப்னு மஸ்ஊத், பஸ்ராவில் அபூ மூஸா. சிரியாவில் உபை பின் கஅபின் ஓதல் செல்வாக்காக இருந்தது. ஆர்மீனியா, அஸர்பைஜான் போர்முனையில் ஈராக் படையும் சிரியப் படையும் ஒன்று சேர்ந்தபோது, ஒருவர் ஓதுவது மற்றவருக்குத் தப்பாகப் பட்டது. தளபதி ஹுதைஃபா அதைப் பார்த்துவிட்டு மதீனாவுக்கு வந்தார். வேதத்தில் யூதர்களும் கிறித்தவர்களும் பிரிந்ததுபோல் இவர்களும் பிரிவதற்கு முன் காப்பாற்றுங்கள் என்று உஸ்மானிடம் சொன்னார். கி.பி. 650-ஐ ஒட்டிய காலம் அது. அபூபக்கர் பயந்தது இழப்புக்கு. உஸ்மான் பயந்தது பிளவுக்கு.

உஸ்மான் போட்ட கமிட்டி சரியா என்ன செஞ்சது?

ஹஃப்ஸாவிடம் இருந்து ஏடுகளை இரவல் வாங்கினார்கள். ஜைதோடு அப்துல்லாஹ் பின் ஸுபைர், ஸயீத் பின் ஆஸ், அப்துர் ரஹ்மான் பின் ஹாரிஸ் என்ற, நபியின் குலமான குறைஷைச் சேர்ந்த மூவர் உட்கார்ந்தார்கள். ஜைத் மதீனாக்காரர். அவரோடு கருத்து வேறுபட்டால் குறைஷிகளின் வழக்கப்படி எழுதுங்கள், அவர்கள் மொழியில்தான் குர்ஆன் இறங்கியது என்பது உஸ்மான் கொடுத்த விதி.

அந்த விதி வேலை செய்த ஓர் இடம் திர்மிதீ ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. இரண்டாவது அத்தியாயத்தில், 248-வது வசனத்தில், ‘பேழை’ என்பதற்கு வரும் சொல். ‘தாபூஹ்’ என்று எழுத வேண்டும் என்றார் ஜைத். ‘தாபூத்’ என்றார்கள் குறைஷிகள். உஸ்மானிடம் போனது, அவர் ‘தாபூத்’ என்று எழுதச் சொன்னார். சண்டை ஒரு சொல்லின் கடைசி எழுத்தைப் பற்றியது. அந்த அளவு நுணுக்கத்தில்தான் பேச்சு நடந்திருக்கிறது.

எழுதி முடித்ததும் மூல ஏடுகளை ஹஃப்ஸாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, படியெடுத்தவற்றை நகரங்களுக்கு அனுப்பினார்கள். எத்தனை பிரதி என்பதில் நான்கில் இருந்து ஏழு வரை சொல்கிறார்கள். மதீனா, கூஃபா, பஸ்ரா, சிரியா ஆகிய நான்கில் பெரிய சர்ச்சை இல்லை.

மத்த பிரதிகளை எரிச்சுட்டாங்களே, அது சரியா?

எரிக்கச் சொன்னார், உண்மை. புகாரீயிலேயே இருக்கிறது; மறைக்க எதுவும் இல்லை. எதிர்ப்பு இருந்ததும் உண்மை. பின்னாளில் உஸ்மானைக் கொன்ற கலகக்காரர்களின் குற்றப்பட்டியலில் இதுவும் இருந்தது. ஆனால் உஸ்மானுக்குப் பின் ஆட்சிக்கு வந்த அலீ, நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன் என்று சொன்னதாக ஓர் அறிவிப்பு உண்டு. அவர் ஆட்சியில் அந்தப் பிரதியை மாற்ற முயலவும் இல்லை.

இதற்கு ஒரு விலை இருந்தது. தோழர்களின் சொந்தப் பிரதிகள் எப்படி இருந்தன என்பதை இன்று நாம் பெரும்பாலும் மேற்கோள்கள் வழியாகத்தான் அறிகிறோம். ஹஃப்ஸாவின் ஏடுகள்கூடத் தப்பவில்லை. அவர் உயிரோடு இருக்கும்வரை தர மறுத்தார். அவர் மறைந்த பிறகு மதீனாவின் ஆளுநர் மர்வான் அவற்றை வாங்கி அழித்துவிட்டார். காலப்போக்கில் யாராவது அதைக் காட்டிச் சந்தேகம் கிளப்புவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். வரலாறு படிக்கிறவனாக எனக்கு அந்த ஏடுகளை நினைத்தால் மனசு வலிக்கிறது. போர்முனையில் வீரர்கள் ஒருவரை ஒருவர் காஃபிர் என்று சொல்லத் தொடங்கிய நிலையை நினைத்தால் உஸ்மானின் முடிவும் புரிகிறது.

இப்னு மஸ்ஊத் ஒத்துக்கவே இல்லையாமே? அவர் பிரதியில அப்படி என்ன வித்தியாசம்?

ஆரம்பத்தில் கடுமையாக எதிர்த்தார். நபியின் வாயில் இருந்து நேரடியாக எழுபதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களைக் கற்றவன் நான். அப்போது ஜைத் சிறுவர்களோடு விளையாடிக்கொண்டிருந்தான் என்றார். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மக்காவில் முதன்முதலில் இஸ்லாத்துக்கு வந்த சிலரில் ஒருவர் அவர். இந்த வேலைக்கு அவரைக் கூப்பிடவில்லை. கூஃபாவில் அவர் ஓதல் பல தலைமுறைக்கு அழியாமல் இருந்தது.

அவர் பிரதியில் அத்தியாய வரிசை வேறு. கடைசி இரண்டு அத்தியாயங்களை அவர் எழுதவில்லை என்றும் அறிவிப்புகள் உண்டு. மற்றபடி பெரும்பாலும் ஒரு சொல்லுக்குப் பதில் அதே பொருள் தரும் இன்னொரு சொல், அல்லது ஒரு விளக்கச் சொல் கூடுதல். ஒன்றைச் சொல்கிறேன், அது நம் ஊர் வரைக்கும் வந்து நிற்கிறது. சத்தியத்தை முறித்தால் செய்ய வேண்டிய பரிகாரத்தில், வசதியில்லாதவர் மூன்று நாள் நோன்பு வைக்க வேண்டும் என்பது ஐந்தாவது அத்தியாயத்தின் 89-வது வசனம். இப்னு மஸ்ஊதின் ஓதலில் ‘தொடர்ச்சியாக’ என்று ஒரு சொல் கூட இருந்தது. அதைத் தொழுகையில் ஓத முடியாது, ஆனால் சட்டத்துக்கு ஆதாரமாகலாம் என்றார்கள் ஹனஃபீ சட்டப்பள்ளியினர். அதனால் ஹனஃபீ ஆலிமிடம் கேட்டால் மூன்றையும் இடைவெளி விடாமல் வையுங்கள் என்பார். ஷாஃபிஈ ஆலிமிடம் கேட்டால் விட்டுவிட்டு வைத்தாலும் போதும் என்பார். தமிழ்நாட்டில் இரண்டு மத்ஹபுக்காரர்களும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறார்கள். எரிந்துபோன பிரதியின் ஒரு சொல் அவர்களுக்கு இடையில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

உஸ்மான் பிரதியில புள்ளியே கிடையாதுன்னு சொல்றாங்க. புள்ளி இல்லாம எப்படி வாசிச்சாங்க?

நம் ஓலைச்சுவடிகளை நினைத்துப் பாருங்கள். மெய்க்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்ட மாட்டார்கள். ‘எரி’ என்று இருந்தால் அது எரியா, ஏரியா என்பதைப் பாடலைத் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். பழைய அரபு எழுத்தும் அப்படித்தான். பே, தே, ஸே, நூன், யே எல்லாவற்றுக்கும் சொல்லின் நடுவில் ஒரே பல் போன்ற வடிவம். உயிர்க்குறிகள் இல்லை. நீண்ட ‘ஆ’கூடப் பல இடங்களில் எழுதப்படாது. ஆரம்பகால ஏடுகளில் அங்கங்கே சில புள்ளிகள் உண்டு, எல்லா எழுத்துக்கும் கிடையாது. இந்த எலும்புக்கூட்டு எழுத்துக்கு ‘ரஸ்ம்’ என்று பெயர்.

ஃபாத்திஹா அத்தியாயத்தில் தீர்ப்பு நாளைப் பற்றிய வரியில் மீம், லாம், காஃப் என்று மூன்றே எழுத்து. ‘மாலிகி’ (உரிமையாளன்) என்றும் ஓதலாம், ‘மலிகி’ (அரசன்) என்றும் ஓதலாம். இரண்டுமே நபியிடம் இருந்து வந்ததாக அறிவிக்கப்பட்ட ஓதல்கள். எழுத்து இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. உஸ்மான் பூட்டியது எலும்புக்கூட்டை. அதற்குள் அடங்கிய ஓதல்கள் தொடர்ந்தன. அடங்காதவை மெல்ல வெளியே நின்றன.

‘ஏழு ஹர்ஃப்’ல இறங்கினதுன்னு ஹதீஸ் இருக்கே. ஏழு கிராஅத்னா அதுதானே?

இல்லை, இது மிகப் பரவலான குழப்பம். ஹிஷாம் பின் ஹகீம் 25-வது அத்தியாயத்தை வேறு மாதிரி ஓதக் கேட்டு, உமர் அவரது மேலாடையைப் பிடித்து நபியிடம் இழுத்துப் போனார். நபி இருவரையும் ஓதச் சொல்லிக் கேட்டு, இருவருக்கும் இப்படித்தான் இறங்கியது என்று சொல்லி, குர்ஆன் ஏழு ‘ஹர்ஃபு’களில் இறங்கியது, எளிதானதை ஓதுங்கள் என்றார். ஹர்ஃப் என்றால் சரியாக என்ன என்பதில் நாற்பது வரை கருத்துகள் உண்டு என்று சுயூத்தீ எழுதுகிறார்.

ஏழு கிராஅத், அதாவது ஏழு ஓதல் முறைகள், என்பது அதற்கு முந்நூறு வருடம் கழித்து பாக்தாதில் இப்னு முஜாஹித் செய்த தேர்வு. அவரும் ஏழு என்ற எண்ணையே எடுத்ததால் இரண்டும் ஒன்று என்ற எண்ணம் பரவியது. பிற்கால அறிஞர்கள் சிலரே அந்த எண்ணைத் தவிர்த்திருக்கலாம் என்று வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

உஸ்மான் அனுப்பின பிரதிகளுக்குள்ளேயே வித்தியாசம் இருந்துச்சாமே?

ஆம், மொத்தத்தில் நாற்பது இடங்களை ஒட்டி. எல்லாமே ஓரெழுத்து, ஒரு சிறு சொல் அளவில். மூன்றாவது அத்தியாயத்தின் 133-வது வசனம் கூஃபா, பஸ்ரா பிரதிகளில் ‘வ’ (மேலும்) என்று தொடங்குகிறது. மதீனா, சிரியா பிரதிகளில் அந்த ‘வ’ இல்லை. 57-வது அத்தியாயத்தின் 24-வது வசனத்தில் ‘ஹுவ’ (அவனே) என்ற சொல் மதீனா, சிரியா பிரதிகளில் கிடையாது, ஈராக் பிரதிகளில் உண்டு.

எனக்குப் பிடித்தது, இதைப் பழைய அறிஞர்கள் கையாண்ட விதம். எந்தப் பிரதி சரி என்று ஒன்றைத் திருத்தவில்லை. எந்த ஊர் பிரதியில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டுப் பாதுகாத்தார்கள். அந்தந்த ஊர் காரீகள் அந்தந்த எழுத்துப்படி ஓதினார்கள். 2004-ல் மைக்கேல் குக் என்ற வரலாற்றாசிரியர் இந்தப் பட்டியலை ஆராய்ந்தார். கண்டபடி கலந்து எழுதப்பட்டிருந்தால் எந்த ஒழுங்கும் வராது. ஆனால் மதீனாவும் சிரியாவும் ஒரு பக்கம், ஈராக் நகரங்கள் ஒரு பக்கம் என்று ஒரு குடும்ப மரம் போலவே அவை பிரிகின்றன. சில பிரதிகளைப் பார்த்து மற்றவை எழுதப்பட்டன என்பதற்கு இது நல்ல அடையாளம்.

புள்ளி வெச்சது ஹஜ்ஜாஜ்தானே? அவர் குர்ஆனையே மாத்திட்டார்னு சொல்றாங்களே?

உயிரோசையைக் காட்ட வண்ணப் புள்ளிகள் வைத்தவர் பஸ்ராவின் அபுல் அஸ்வத் என்பது மரபு. ஒரே வடிவ எழுத்துகளைப் பிரிக்கும் புள்ளிகளை முறைப்படுத்தியது, உமய்யா கலீஃபா அப்துல் மலிக்கின் ஆளுநராக ஈராக்கை ஆண்ட ஹஜ்ஜாஜ் காலத்தில், நஸ்ர் பின் ஆஸிம், யஹ்யா பின் யஃமர் போன்றவர்கள் கையால். இன்று நாம் காணும் ஸபர், ஸேர், பேஷ் என்ற உயிர்க்குறி வடிவங்கள் அதற்கும் பிந்திய கலீல் பின் அஹ்மத் உருவாக்கியதன் வழி வந்தவை.

ஹஜ்ஜாஜ் நகரங்களுக்கு முஸ்ஹஃப் எனும் குர்ஆன் பிரதிகளை அனுப்பினார், பழைய பிரதிகள் சிலவற்றைக் கட்டாயமாக அகற்றினார் என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது. உரையையே மாற்றினார் என்பதற்கு எதிரான வலுவான காரணம் முந்தைய கேள்வியிலேயே இருக்கிறது. மதீனா, சிரியா, கூஃபா, பஸ்ரா பிரதிகளின் அந்தச் சின்ன வித்தியாசங்கள் அவருக்குப் பிறகும் அப்படியே தொடர்ந்தன. எல்லாவற்றையும் ஒரே பிரதியாக்க ஒருவர் வெற்றி பெற்றிருந்தால் முதலில் காணாமல் போயிருக்க வேண்டியவை அவைதான்.

ஓதல் மாறினா அர்த்தமும் மாறிடாதா?

பெரும்பாலான இடங்களில் உச்சரிப்போடு நின்றுவிடும். சில இடங்களில் பொருள் உண்மையிலேயே மாறும். உளூ பற்றிய ஐந்தாவது அத்தியாயத்தின் ஆறாவது வசனத்தை எடுத்துக்கொள்வோம். முகத்தையும் கைகளையும் கழுவுங்கள், தலையைத் தடவுங்கள், பிறகு கால்கள். ‘அர்ஜுலகும்’ என்று ஓதினால் கால்கள் ‘கழுவுங்கள்’ என்பதோடு சேரும். ‘அர்ஜுலிகும்’ என்று ஓதினால் ‘தடவுங்கள்’ என்பதோடு சேரும். ஓர் உயிர்க்குறி, அவ்வளவுதான். எலும்புக்கூடு இரண்டுக்கும் ஒன்றே.

அந்த ஏழு ஓதல்களின் ஆசிரியர்களில் நாஃபிஉ, இப்னு ஆமிர், கிஸாஈ முதல் வழியில் ஓதினார்கள். இப்னு கஸீர், அபூ அம்ர், ஹம்ஸா இரண்டாவது வழியில். கூஃபாவின் ஆஸிமுடைய இரண்டு மாணவர்களில் ஹஃப்ஸ் முதல் வழி, ஷுஃபா இரண்டாவது வழி. ஸுன்னி அறிஞர்கள் நபி கால்களைக் கழுவிய ஹதீஸ்களைக் கொண்டு முதல் பொருளை வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது ஓதலைத் தோல் காலுறையின் மேல் தடவும் சலுகைக்குப் பொருத்தியவர்களும் உண்டு. ஷீஆ சட்டத்தில் கால்களைத் தடவுவதுதான். தனக்கு உடன்பாடில்லாத பொருளைத் தரும் ஓதலையும் ஸுன்னி அறிஞர்கள் ஏற்கப்பட்ட ஓதல்களில் இருந்து நீக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

எழுத்து இடம் கொடுத்தா யார் வேணா எப்படி வேணா ஓதலாமா?

இதே கேள்வி பத்தாம் நூற்றாண்டு பாக்தாதில் அரசவை வரை போனது. இரண்டு பேரின் வழக்கு இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லைக்கோடு நன்றாகத் தெரியும்.

இப்னு மிக்ஸம், எலும்புக்கூட்டோடு ஒத்துப்போய் அரபு இலக்கணத்துக்கும் சரியாக இருந்தால் எப்படியும் ஓதலாம், யாரிடமிருந்தும் கேட்டிருக்க வேண்டியதில்லை என்றார். கி.பி. 934 வாக்கில் அறிஞர்கள் முன் நிறுத்தப்பட்டு அதைக் கைவிட்டார். இப்னு ஷனபூத் நேர் எதிர்த்திசை. இப்னு மஸ்ஊத் போன்ற தோழர்களிடம் இருந்து அறிவிக்கப்பட்டதுதானே என்று எலும்புக்கூட்டுக்கு வெளியே போகும் ஓதல்களைத் தொழுகையிலேயே ஓதினார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ‘விரையுங்கள்’ என்று வரும் 62-வது அத்தியாயத்தின் ஒன்பதாவது வசனத்தில், ‘ஃபஸ்அவ்’ என்பதற்குப் பதில் ‘ஃபம்ளூ’ என்று ஓதியது அதில் ஒன்று. கி.பி. 935-ல் அமைச்சர் இப்னு முக்லாவின் முன் விசாரணை நடந்தது. அவருக்குச் சாட்டையடி கிடைத்தது, அதன்பின் எழுத்தில் வாக்குமூலம் கொடுத்தார்.

முதலாமவரிடம் எழுத்து இருந்தது, ஆசிரியர் சங்கிலி இல்லை. இரண்டாமவரிடம் சங்கிலி இருந்தது, எழுத்து இல்லை. இரண்டும் வேண்டும், இலக்கணமும் பொருந்த வேண்டும் என்ற மூன்று நிபந்தனையைப் பின்னாளில் இப்னுல் ஜஸரீ தெளிவாக எழுதி வைத்தார். இப்னு முஜாஹிதின் ஏழோடு மூன்றைச் சேர்த்துப் பத்து ஓதல்களை நிலைநிறுத்தியவரும் அவரே. ஜைத் போட்ட இரண்டு பூட்டும் இங்கே திரும்ப வருகிறது, பாருங்கள்.

யமன்ல கிடைச்ச பழைய குர்ஆன் வேற மாதிரி இருக்குன்னு வீடியோ வருதே?

1972-ல் ஸன்ஆவின் பெரிய பள்ளிவாசலில் பழுதுபார்க்கும்போது பழைய ஏடுகள் குவியலாகக் கிடைத்தன. அதில் ஒரு தோல் பிரதியில் முதலில் எழுதியதை அழித்துவிட்டு மேலே மறுபடி எழுதியிருக்கிறார்கள். மேல் எழுத்து நாம் ஓதுகிற உஸ்மானிய உரை. அழித்த எழுத்து காலப்போக்கில் மெல்ல மேலெழுந்து தெரிகிறது. அது உஸ்மானிய உரை அல்ல, உண்மைதான். தோலின் காலம் கார்பன் சோதனையில் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியை ஒட்டி வருகிறது.

வித்தியாசம் எந்த மாதிரி என்று ஓர் இடம் காட்டுகிறேன். இரண்டாவது அத்தியாயத்தின் 196-வது வசனத்தில், பலிப்பிராணி சேருமிடம் சேரும்வரை ‘உங்கள் தலைகளை’ மழிக்காதீர்கள் என்று நாம் ஓதுகிறோம். கீழ் எழுத்தில் ‘உங்கள் தலைகளை’ இல்லை, ‘மழிக்காதீர்கள்’ மட்டும் இருக்கிறது. பரிகாரம் சொல்லும் இடத்தில் நோன்பு, தர்மம், பலி என்ற மூன்றில் ‘தர்மம்’ இல்லை. அத்தியாய வரிசையும் வேறு. இப்னு மஸ்ஊத், உபை ஆகியோரின் பிரதிகளைப் பற்றி நூல்கள் சொன்ன அதே வகை வித்தியாசங்கள். அப்படிப்பட்ட பிரதிகள் இருந்தன என்று நம் நூல்களே சொல்லி வந்ததை இந்தத் தோல் உறுதி செய்கிறது. வீடியோக்காரர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

எல்லாம் ஒரே மூலப் பிரதியில இருந்து வந்ததுன்னு நானே பார்த்துத் தெரிஞ்சுக்க வழி இருக்கா?

இருக்கிறது. வீட்டு முஸ்ஹஃபை எடுங்கள். 14-வது அத்தியாயம் 34-வது வசனம்: அல்லாஹ்வின் அருட்கொடையை எண்ணினால் எண்ணி முடிக்க மாட்டீர்கள். 16-வது அத்தியாயம் 18-வது வசனம்: சொல்லுக்குச் சொல் அதே வாக்கியம். இப்போது ‘நிஃமத்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தைப் பாருங்கள். முதல் இடத்தில் படுத்த தே, இரண்டாவது இடத்தில் வட்டத் தே. ஐந்தாவது அத்தியாயத்தில் ஏழாம் வசனத்துக்கும் பதினோராம் வசனத்துக்கும் இடையிலும் இதே வித்தியாசம்.

உச்சரிப்பில் இது கேட்காது, பொருளிலும் மாற்றமில்லை. எழுதியவர் ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் எழுதியிருக்கிறார். 2019-ல் மரைன் வான் புட்டன் என்ற மொழியியலாளர் பத்துக்கும் மேற்பட்ட மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளை எடுத்து, இந்தச் சொல் வரும் இடங்களை ஒப்பிட்டார். படுத்த தே வரும் இடங்களும் வட்டத் தே வரும் இடங்களும் பிரதிக்குப் பிரதி பெரும்பாலும் அப்படியே ஒத்திருந்தன. காதால் கேட்டு எழுதினால் இது சாத்தியமே இல்லை. கண்ணால் ஒரு மூலத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினால்தான் வரும்.

தாஷ்கந்துல இருக்கிறது உஸ்மானோட சொந்தப் பிரதிதானா?

இல்லை. தாஷ்கந்த் பிரதியும் இஸ்தான்புல் தோப்காப்பி பிரதியும் எழுத்து நடையைப் பார்த்தால் உஸ்மானுக்குப் பல பத்தாண்டுகள் பிந்தியவை. பர்மிங்ஹாமில் உள்ள இரண்டு ஏடுகள் இன்னும் பழையவை. தோலின் காலம் கி.பி. 568-க்கும் 645-க்கும் இடையில் என்று சோதனை சொல்கிறது. ஆனால் அந்தச் சோதனை தோலின் வயதைத்தான் சொல்லும், மையின் வயதை அல்ல.

நம்ம ஊர் முஸ்ஹஃப் இதுல எந்த ஓதல்?

ஆஸிமின் மாணவர் ஹஃப்ஸ் வழி வந்தது. ஆஸிம் கூஃபாவில் அபூ அப்துர் ரஹ்மான் அஸ்ஸுலமீயிடம் கற்றார். ஸுலமீ உஸ்மான் காலத்தில் கற்றுக்கொடுக்கத் தொடங்கி ஹஜ்ஜாஜ் காலம் வரை பல பத்தாண்டுகள் அதே வேலையில் இருந்தவர். ஹஃப்ஸுக்குத் தாம் கற்றுக்கொடுத்தது ஸுலமீ வழியாக அலீயிடம் இருந்து வந்தது என்றும், ஷுஃபாவுக்குக் கற்றுக்கொடுத்தது ஸிர் என்பவர் வழியாக இப்னு மஸ்ஊதிடம் இருந்து வந்தது என்றும் ஆஸிம் சொன்னதாக அறிவிப்பு உண்டு. உஸ்மானிய துருக்கியர் ஆட்சியும், 1924-ல் கெய்ரோவில் அச்சான முஸ்ஹஃபும் ஹஃப்ஸ் ஓதலை உலகெங்கும் பரப்பின.

மொராக்கோ, அல்ஜீரியா பக்கம் நாஃபிஉவின் மாணவர் வர்ஷ் வழி ஓதல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. லிபியாவில் காலூன், சூடானின் பல பகுதிகளில் தூரீ. வர்ஷ் முஸ்ஹஃப் ஒன்று கையில் கிடைத்தால் 91-வது அத்தியாயத்தின் கடைசி வசனத்தைத் திறந்து பாருங்கள். நம்முடையதில் ‘வலா யகாஃபு’ என்று இருக்கும். அதில் ‘ஃபலா யகாஃபு’. கூஃபா பிரதியில் வாவும் மதீனா பிரதியில் ஃபேயும் இருந்தன. அந்த ஓர் எழுத்து இரண்டு ஊரிலும் இன்றுவரை அப்படியே இருக்கிறது.